முட்டி வலியோடு முதல் எட்டு வாரம்: நடையா, சைக்கிளா, நீச்சல் குளமா?

மாமா போன் செய்தது ஜனவரி 4 அன்று. புது வருஷத்துக்கென்று ஷூ வாங்கி, 2-ஆம் தேதி விடியற்காலையில் மெரினாவில் உழைப்பாளர் சிலையில் ஆரம்பித்துக் காந்தி சிலைப் பக்கம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். போக வர நாலு கிலோமீட்டருக்குக் குறையாது. திரும்பும்போது, மணல் மெத்தென்று இருக்கிறதே, முட்டிக்கு இதமாக இருக்கும் என்று பாதி தூரம் மணலில் இறங்கி நடந்திருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. வலது முட்டி வீங்கி, சில்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளம் காணாமல் போயிருந்தது.

"ஏம்மா, நடந்தா முட்டி தேஞ்சிடும்னு கீழ் வீட்டுக்காரர் சொல்றார். நடந்தாதான் நல்லாகும்னு டாக்டர் சொல்றார். நான் யார் பேச்சைக் கேக்கறது?"

நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வி ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் கிளினிக்குக்கு எப்படியும் ஏழெட்டு முறை வந்துவிடும். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான்: உடம்பு கனம், முட்டி நோவு, நாலு நிமிஷம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆனால் இந்த வருஷம் ஏதாவது செய்தே தீருவது என்று முடிவெடுத்தவர்கள். அவர்களுக்குச் சென்னையில் நடைமுறையில் இருப்பது மூன்று வழி. பூங்காவிலோ கடற்கரையிலோ நடக்கலாம். வீட்டில் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்கலாம். நீச்சல் குளத்தில் இறங்கலாம். நாலாவதாக ஒன்று உண்டு, நாற்காலியை வைத்துச் செய்யும் தொடைப் பயிற்சி. அது இந்த மூன்றுக்கும் போட்டியில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே வர வேண்டியது.

மாமாவின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வயது 54. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 104 கிலோ. ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எக்ஸ்ரேயில் ஆரம்பக் கட்டத் தேய்மானம் என்று எழுதியிருந்தார்கள். பி.பி.க்கு மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை.

எதை வைத்து ஒப்பிடுவது

பெரும்பாலானோர் எது அதிக கலோரியைக் கரைக்கும் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். முதல் எட்டு வாரத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. மாமா இருபது நிமிஷம் சைக்கிள் மிதித்தால் கரைவது, ஆபீஸ் கேன்டீனில் அவர் சாப்பிடுகிற ஒரு மெதுவடையோடு சரியாகிவிடும். எடை குறைய வேண்டுமானால் அது முக்கியமாகத் தட்டில்தான் நடக்க வேண்டும். இந்த எட்டு வாரத்தில் பயிற்சி செய்ய வேண்டிய வேலை வேறு. முட்டியைத் தாங்கும் தசையை எழுப்புவதும், மூச்சை நீட்டுவதும்தான். அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இன்றைக்குச் செய்தது நாளைக் காலையில் முட்டியை எப்படி வைத்திருக்கிறது?

இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை நீங்களே ஒரு எண் கொடுங்கள். பயிற்சிக்கு முன்னால் இரண்டு என்றால், பயிற்சியின்போது அது நாலு வரை ஏறினாலும் பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் காலை அது மறுபடி இரண்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நேற்று செய்தது அதிகம். அடுத்த முறை நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருப்பவர்கள் ஆரம்பிப்பதே இல்லை. வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்பவர்கள் மாமா மாதிரி ஒன்பது நாள் படுக்கிறார்கள்.

மூச்சுக்கும் அப்படி ஒரு சுலபமான அளவு உண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். பி.பி.க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும். அவர் சாப்பிடுவதும் அந்த வகைதான். கடிகாரம் இன்னும் வேகம் போதாது என்று தூண்டும், உடம்போ ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

நடை

நடையில் பணம் செலவில்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. குறை என்னவென்றால், சமதரையில் நடக்கும்போதே ஒவ்வொரு அடியிலும் முட்டி மூட்டுக்குள் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அழுத்தம் ஏறுகிறது. செயற்கை மூட்டுக்குள் உணரியை வைத்து அளந்து பார்த்த எண் இது. படி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டும், இறங்கும்போது அதைவிடவும் கூடுதல். 104 கிலோவுக்கு இரண்டரை மடங்கு என்றால் 260 கிலோ. நாலு கிலோமீட்டர் நடந்தால் ஒரு காலுக்கு மூவாயிரம் அடியாவது வரும். ஆரோக்கியமான மூட்டு இதையெல்லாம் சாதாரணமாகத் தாங்கும். பல வருஷம் நாற்காலியிலேயே இருந்து தொடைத் தசை சோம்பிப் போன மூட்டு, முதல் நாளே மூவாயிரம் முறை தாங்காது. தேய்ந்துவிடும் என்பதும் தவறு, நடந்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி. அளவுதான் பிரச்சினை.

மணல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் இந்த நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. உதிரி மணலில் கால் ஊன்றும்போது அதிர்ச்சி குறைவு என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் கால் புதைந்து, பின்னால் வழுக்கி, மறுபடி எம்ப வேண்டியிருக்கிறது. கெட்டித் தரையில் நடக்கிற அதே தூரத்துக்கு உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது. மூச்சு ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு இது பெரிய சுமை. அவர் களைத்துப் போனதும் தொடை சரியாகப் பிடிக்காது, முட்டி உள்பக்கம் சாயும், கணுக்கால் ஆடும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அங்கே போனால் அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். மாமாவுக்கு எந்த முட்டி வீங்கியது என்று கேட்டதும், எந்தத் திசையில் நடந்திருப்பார் என்று ஊகித்தேன். வடக்கே பார்த்துத் திரும்பி வந்திருக்கிறார். கடல் வலது கைப் பக்கம். வலது முட்டி.

இன்னொரு மோகம் எட்டு நடை. பல பூங்காக்களில் தரையில் எட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், சிலதில் கூழாங்கல் பதித்தும். முட்டி நன்றாக இருப்பவர்கள் சுற்றிக்கொள்ளட்டும். நோவு உள்ள முட்டிக்கு, உடல் எடையைத் தாங்கியபடி சிறு வளைவில் திரும்புவதுதான் ஆகவே ஆகாத ஒன்று. மொட்டை மாடியில் நடப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். இருபது அடிக்கு ஒரு முறை திரும்பியாக வேண்டும். அது போக, அங்கே போக இரண்டு மாடி ஏறி, வர இரண்டு மாடி இறங்க வேண்டும். அரை மணி நடையைவிட அந்தப் படிகள்தான் முட்டியைப் படுத்தும்.

அப்படியானால் எங்கே நடப்பது? பூங்காவில்தான். ஆனால் சுற்றுப்பாதை எத்தனை மீட்டர் என்று பார்க்காதீர்கள், பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா போன்ற இடங்களின் பெரிய வசதியே, தரை சமம், நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு என்பதுதான். தெருவோர நடைபாதை வேண்டாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏறி, நூறு மீட்டருக்குள் பத்துப் படி ஏறியிறங்கின கணக்காகிவிடும். சாலை ஓரத்தில் நடந்தாலோ தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சரித்திருப்பார்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஆறு மணிக்கே புழுக்கம் தொடங்கிவிடும். வியர்வை காயாத அந்தக் காற்றில், தை மாதத்தில் பத்து நிமிஷம் நடந்தவருக்கு ஆறு நிமிஷத்திலேயே மூச்சு வாங்கும். உடற்பயிற்சி பின்னால் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

நடக்கும் விதத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும். அடியைச் சின்னதாக வையுங்கள். வேகமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு காலை எட்டி முன்னால் வைக்கும்போதுதான் முட்டி அதிகம் வாங்குகிறது. அதே வேகத்தைச் சின்னச் சின்ன அடியாக, கொஞ்சம் சுறுசுறுப்பாக வைத்தால் சுமை குறையும்.

நீச்சல் குளம்

தண்ணீருக்குள் இருக்கும் வரை முட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்குவது பாதி எடைதான். மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் பக்கம். 104 கிலோ ஆசாமி முப்பத்தைந்து கிலோப் பையன் மாதிரி நடக்கலாம். நீச்சல் தெரிய வேண்டியதே இல்லை. மார்பளவு நீரில் முன்னால் நடப்பது, பின்னால் நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, அவ்வளவுதான். நீச்சல் தெரிந்தவர்கள் தவளை நீச்சலை மட்டும் விட்டுவிட வேண்டும். காலை அகட்டி உதைக்கும் அந்த அசைவு முட்டியின் உள்பக்கத்தை இழுக்கும்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோருக்கும் இதையே சொல்லிவிடலாமே? மாமாவுக்கு நான் சொல்லவில்லை. மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது, வேளச்சேரியில் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய வளாகம் இருக்கிறது, தனியார் குளங்களும் உண்டு. மேற்கு மாம்பலத்திலிருந்து எங்கே போனாலும் இரண்டு மாடி இறங்கி, வண்டி பிடித்து, உடை மாற்றி, குளித்து, திரும்பி வந்து இரண்டு மாடி ஏற வேண்டும். தண்ணீரில் இருபது நிமிஷம், மற்றது ஒன்றரை மணி நேரம். ஆபீஸ் போகிற மனிதர் வாரத்துக்கு எத்தனை நாள் போவார்?

குளத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய் மூன்று விஷயம் பாருங்கள். இறங்க அகலமான படியும் கைப்பிடியும் இருக்கிறதா, அல்லது செங்குத்தான இரும்பு ஏணி மட்டும்தானா? ஏணி என்றால் வெளியே வரும்போது முட்டியை முழுக்க மடக்கி முழு எடையையும் ஒரு காலில் தூக்க வேண்டும். தண்ணீர் காப்பாற்றியதை ஏணி கெடுத்துவிடும். அடுத்தது, மார்பளவு ஆழம் நடக்கும் அளவு நீளத்துக்கு இருக்கிறதா என்பது. போட்டிக்காகக் கட்டிய குளங்கள் பொதுவாக ஆழமானவை. மூன்றாவது நேரம். பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கும் இடங்களில் அது காலை பதினொன்றுக்கோ மதியம் மூன்றுக்கோ வந்து தொலைக்கும்.

முதல் நாள் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீருக்குள் களைப்பு தெரியாது. கரையேறும்போது உடம்பு திடீரென்று கல் மாதிரி கனக்கும், அப்போதுதான் தெரியும். ஈரத் தரையில் விழுபவர்கள் விழுவது அந்த நிமிஷத்தில்தான். சர்க்கரை இருப்பவர்கள் குளத்தோரம் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

சமதரையில் இரண்டு நிமிஷம்கூட வலியில்லாமல் நடக்க முடியாதவர்களுக்கும், மாமாவைவிட இன்னும் முப்பது நாற்பது கிலோ கூடுதலாக இருப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது குளம்தான். அவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைச் செலவழிக்கலாம்.

சைக்கிள்

சைக்கிளில் உடம்பின் பாரத்தை இருக்கை வாங்கிக்கொள்கிறது. லேசாக மிதித்தால் முட்டிக்குள் ஏறும் அழுத்தம் உடல் எடைக்குச் சமமாகவோ சற்று மேலாகவோதான் இருக்கும். நடையில் பாதிக்கும் குறைவு. மழையோ வெயிலோ தடையில்லை, நாய் துரத்தாது, மூச்சு வாங்கினால் மூன்றடி தள்ளி சோபா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து நிமிஷம் மட்டும் செய்யலாம். ஐந்து நிமிஷத்துக்காக யாரும் பூங்காவுக்குப் போக மாட்டார்கள், குளத்துக்கு நிச்சயமாகப் போக மாட்டார்கள். நீடித்த மூச்சு இல்லாதவருக்கு இந்த ஐந்து நிமிஷ வசதிதான் பெரிது.

புதிதாக வாங்கத் தேவையில்லை. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு இரண்டு சைக்கிளாவது பால்கனியில் துண்டு காயப்போட்டபடி நிற்கும். மாமாவுக்கும் அப்படித்தான் சம்பந்தி வீட்டிலிருந்து ஒன்று வந்தது. கைப்பிடி முன்னும் பின்னும் ஆடும், முன்னால் பெரிய விசிறிச் சக்கரம் வைத்த வகை. ஏறுவதற்கு முன் அடிச்சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். தாங்கும் எடை 100 கிலோ என்றிருந்தது. மாமா 104. "நாலு கிலோதானேம்மா" என்றார். திருப்பி அனுப்பிவிட்டோம். அது சட்டென்று உடையாது. ஆனால் இருக்கைத் தண்டு ஆடத் தொடங்கும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், முட்டி அதற்கேற்ப வளைந்து வேலை செய்யும். கடைசியில் 120 கிலோ தாங்கும் ஒரு பழைய நிமிர்ந்த சைக்கிள் கிடைத்தது. முதுகுச் சாய்மானத்தோடு கால் முன்னால் நீட்டி மிதிக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஏறி இறங்கக் காலைத் தூக்க வேண்டியதில்லை, இருக்கையும் அகலம். நாற்காலிக்கு முன் தரையில் வைத்து மிதிக்கும் சின்னப் பெடல் கருவியை நான் யாருக்கும் சொல்வதில்லை. மொசைக் தரையில் அது நகர்ந்துகொண்டே போகும், முட்டி எப்போதும் மடங்கியபடியே இருக்கும்.

சைக்கிளின் நல்லதும் கெட்டதும் இருக்கையின் உயரத்தில்தான் இருக்கிறது. வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் முட்டி நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். பெரும்பாலானோர் தரையில் கால் எட்ட வேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். தாழ்ந்தால் சில்லுக்கு முன்னால் வலிக்கும். மிகவும் உயர்ந்தால் முட்டிக்குப் பின்னால் இழுக்கும். எங்கே வலிக்கிறது என்பதே இருக்கையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. வலி சில்லைச் சுற்றியே இருக்கிறது, சினிமாவில் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் அதிகமாகிறது, சமதரையில் நடந்தால் அவ்வளவாக இல்லை என்பவர்களுக்குச் சைக்கிள் முதல் தேர்வு அல்ல. மடக்கி நீட்டுவதுதான் அவர்களுக்குச் சிக்கல். அவர்கள் பூங்காவில் நாலு நிமிஷ நடையில் ஆரம்பிக்கலாம். மாமாவுக்கு வலி முட்டியின் உள்பக்கம், கால் ஊன்றும்போது. அதனால் சைக்கிள்.

எட்டு வாரம் எப்படிப் போனது

முதல் பத்து நாள் வீக்கம் வடிவதற்கே போனது. அந்த நாட்களில் படுத்தபடி காலை நீட்டி, தொடையை இறுக்கி, குதிகாலை ஒரு சாண் தூக்கி ஐந்து எண்ணிவிட்டு இறக்குவது மட்டும். ஒவ்வொரு காலுக்கும் எட்டு, இரண்டு முறை. மாடிப்படிக்கு ஒரு பழக்கம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். "மேலே போறவன் நல்லவன்" என்று அத்தை அதற்கு ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டார்.

சில்லுக்குப் பக்கத்துப் பள்ளம் திரும்பத் தெரிந்த பிறகு கணக்கைத் தொடங்கினோம். அன்றைக்கு முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினேன். ஆறு, அதுவும் கையை ஊன்றி. அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்தோம்.

முதல் இரண்டு வாரம் காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம் சைக்கிள். இறுக்கத் திருகு பூஜ்யத்தில். வினாடிக்கு ஒரு சுற்று, அதற்கு மேல் அவசரமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்காலிப் பயிற்சி. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரமாக்கி, ஐந்து முறை எழுந்து உட்காருவது, இரண்டு சுற்று. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது எட்டு. நடை, தேவைக்கு மட்டும். இரண்டாவது நாளே மாமா புகார் செய்தது முட்டியைப் பற்றியல்ல, பின்புறத்தைப் பற்றி. அது இரண்டு வாரத்தில் பழகிவிடும், மேலே ஒரு மெத்தை உறை போட்டால் போதும்.

மூன்றாவது வாரத்தில் வேளைக்கு எட்டு நிமிஷம், நாலாவதில் பத்து. வாரத்தில் மூன்று நாள் நடையைச் சேர்த்தோம்: நாலு நிமிஷம் நடை, இரண்டு நிமிஷம் பெஞ்ச், மறுபடி நாலு நிமிஷம். வேர்க்காத இந்த அளவுக்கு எதற்கு ஷூ என்று மாமாவுக்குக் கோபம். மறுநாள் காலை எண் இரண்டிலேயே நின்றது, அதனால் கோபத்தை நான் பொருட்படுத்தவில்லை. தலையணையும் நாலாவது வாரக் கடைசியில் போய்விட்டது.

ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை போன். "அஞ்சு வந்திருக்கும்மா. வலது இல்லை, ரெண்டும்." நான் என்னென்னவோ கேட்டேன். கல்யாணத்துக்குப் போனீர்களா, தரையில் உட்கார்ந்தீர்களா, படி ஏறினீர்களா? ஒன்றுமில்லை. எங்கே வலிக்கிறது என்றதும் "முன்னாடி, சில்லு மேல" என்றார். அதுவரை அவருக்கு உள்பக்கம்தான் வலிக்கும். இருக்கை எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்த பேரன் இரண்டு துளை இறக்கி விளையாடிவிட்டுப் போயிருக்கிறான். மாமா கவனிக்காமல் இரண்டு வேளை மிதித்திருக்கிறார். இருக்கையை ஏற்றி, இரண்டு நாள் ஐந்து நிமிஷத்துக்குக் குறைத்ததும் எண் இறங்கிவிட்டது. எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்லியிராவிட்டால், சைக்கிளே ஒத்துவரவில்லை என்று நிறுத்தியிருப்போம்.

எட்டாவது வாரக் கடைசியில் ஒரே மூச்சில் இருபது நிமிஷம் சைக்கிள், பூங்காவில் பத்து நிமிஷம், பெஞ்ச், மறுபடி பத்து. முப்பது வினாடியில் பதினொரு முறை எழுந்தார், கை ஊன்றாமல். எடை 101.5. இரண்டரை கிலோ என்றால் முகம் சுளித்தார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறுவது நாலு கிலோ அளவுக்குக் குறையும். அந்தக் கணக்கில் அடிக்குப் பத்து கிலோ போயிருக்கிறது என்றேன். அந்த இரண்டரை கிலோவில் பெரும்பங்கு மாலை வடையை நிறுத்தியதால் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இதே திட்டத்தை எடுத்துக்கொள்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டிய சில நிலைமைகள் உண்டு. நெஞ்சை அடைப்பது போலவோ இடது கை, தாடை பக்கம் இழுப்பது போலவோ எப்போதாவது வந்திருந்தால் சைக்கிளில் ஏறாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யாமல், எந்த நேரத்தில் செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, நடக்கும்போது சட்டென்று மடங்கிவிடுகிறது, சிவந்து சூடாக வீங்கியிருக்கிறது, அல்லது ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால், இதில் எந்தப் பயிற்சியும் அதற்கு மருந்தில்லை.

ஒன்பதாவது வாரத்திலிருந்து பங்கை மாற்றியிருக்கிறோம். சைக்கிள் வாரத்துக்கு மூன்று நாள், நடை நாலு நாள், நாற்காலிப் பயிற்சி அப்படியே. மெரினாவுக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நடுவில் உட்காராமல் இருபத்தைந்து நிமிஷம் நடந்து, மறுநாள் எண் ஏறாமல் மூன்று முறை காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன், அதுவும் நடைபாதையில் மட்டும். சைக்கிள் இருக்கைத் தண்டில் சரியான துளைக்குப் பக்கத்தில் அத்தை சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டிருக்கிறார். பேரன் வருகிற ஞாயிறுகளில் திருகைக் கழற்றி சமையலறை டப்பாவில் ஒளித்து வைக்கிறார்.